இரண்டு பக்கமும் அளந்து பார்

ராத்திரி ஷிஃப்டில் காது நன்றாக வேலை செய்யும். பகலில் தெருச் சத்தத்தில் கரைந்துபோகும் ஹம், பதினோரு மணிக்கு மேல் தன் குணத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆடி மாத இரவொன்றில், மைக் செட் வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தார்.

"தம்பி, பாட்டு போட்டாலும் போடாட்டியும் 'உம்'முனு இரையுது. காலையில கோயில்ல கட்டணும்."

'போட்டாலும் போடாட்டியும்' என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. வால்யூமை முழுக்கக் குறைத்தேன், ஹம் குறையவில்லை. அப்படியானால் அது மைக், வயர் வழியாக வரவில்லை. வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் நுழைகிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு கேட்டதால், இரண்டு சேனலுக்கும் பொதுவான பவர் சப்ளையைத்தான் பார்க்க வேண்டும். சுருதியும் அதையே சொன்னது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறும் ஷீல்டு அறுந்த வயரும் பெரும்பாலும் அந்த அடித்தொண்டைச் சத்தத்தைத்தான் கொடுக்கும். பிரிட்ஜ் டயோடைத் தாண்டி வருவதோ 100 ஹெர்ட்ஸ். அது ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்போடு இருக்கும். எனக்குக் கேட்டது இரண்டாவது.

பிரிட்ஜுக்கு அடுத்து நிற்கும் ஃபில்டர் கண்டென்சர் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. விநாடிக்கு 100 முறை நிரம்பும்; இடைப்பட்ட நேரத்தில் சர்க்யூட்டுக்கு அதுதான் ஊற்றிக்கொண்டிருக்கும். தொட்டி சிறுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் மட்டம் அதிகமாக இறங்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கம்தான் ரிப்பிள். அதுவே ஸ்பீக்கரில் ஹம்மாகக் கேட்கிறது.

இந்த ஆம்ப்ளிஃபையரில் பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளை. ஒவ்வொன்றுக்கும் 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கண்டென்சர் ஒன்று. இரண்டின் தலையும் தட்டையாக, உப்பாமல்தான் இருந்தன. டிசி அளந்தேன்: ஒரு பக்கம் 35.1, மறுபக்கம் 34.0 வோல்ட். இதைப் பார்த்து சப்ளை சரி என்று மூடிவிடுபவர்கள் உண்டு. டிசி அளவில் சராசரிதான் தெரியும், ஆட்டம் தெரியாது. மீட்டரை ஏசிக்கு மாற்றி அளந்தால் பிளஸில் 0.08 வோல்ட், மைனஸில் 0.65 வோல்ட். (சில மலிவு மீட்டர்கள் ஏசியில் டிசியையும் சேர்த்துக் காட்டும், அவற்றுக்குப் புரோபோடு தொடராக 1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் வைத்துக்கொள்ள வேண்டும்.)

பாட்டு ஓடாத நேரத்தில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே கரண்ட்தான் இழுக்கும். அதனால் நல்ல பக்கமே கெட்ட பக்கத்துக்கு அளவுகோல். மைனஸில் ரிப்பிள் எட்டு மடங்கு என்றால், அந்தக் கண்டென்சரில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம்: சுமார் 600 மைக்ரோஃபாரட்.

கழற்றுவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். கண்டென்சர் நன்றாக இருந்து, காலில் ஈயம் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பவரை நிறுத்தி, 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் குறுக்கே சில விநாடிகள் வைத்து, வோல்ட் இறங்கியதை மீட்டரில் உறுதிசெய்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் போர்டின் தடமும் கண்டென்சரும் அடிபடும். போர்டைத் திருப்பிப் பார்த்ததில் காலைச் சுற்றி வட்ட வெடிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் புது ஈயம் வைத்துப் போட்டேன். ஹம் அப்படியே இருந்தது. மறுபடி நிறுத்தி, சார்ஜ் இறக்கி, நல்ல கண்டென்சர் ஒன்றை பிளஸ், மைனஸ் பார்த்து இணையாகக் கிளிப் செய்து ஆன் செய்தேன். ஹம் நின்றது. இதைப் பவர் இருக்கும்போது செய்யக் கூடாது; பொறி பறக்கும், டயோடும் போகலாம். முனை மாற்றி வைத்தால் கண்டென்சர் வெடிக்கும்.

கழற்றி அளந்தபோது 610 காட்டியது. அதன் இடம் ஹீட் சிங்கை ஒட்டியிருந்தது. பிளஸ் கண்டென்சர் இரண்டு விரல் தள்ளி. பத்து டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. உள்ளே இருக்கும் திரவம் அடி ரப்பர் வழியாக ஆவியாகிக் காய்ந்துவிடும், தலை உப்பாமலேயே.

இரண்டையும் மாற்றினேன், அந்தச் சூட்டில் மற்றதும் வயதாகியிருக்கும். அதே 4700, ஆனால் 63 வோல்ட், 105 டிகிரி வகை. 10,000 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். ஆன் செய்யும் கணத்தில் பாயும் கரண்ட் கூடி பிரிட்ஜும் ஃபியூஸும் அடி வாங்கும். முதல் ஆன் சீரிஸ் பல்பு வழியாக. பல்பு பளிச்சிட்டு மங்கியது. பிறகு நேரடியாகக் கொடுத்து அளந்தால் இரு பக்கமும் 0.08 வோல்ட்.

அண்ணனிடம் பழைய கண்டென்சரைக் கொடுத்து, ஆம்ப்ளிஃபையர் மேல் துணி போடாதீங்க, மேல்பக்கக் காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்க என்றேன். இதைச் சொல்லாமல் அனுப்பினால் புதுக் கண்டென்சரும் அதே சூட்டில்தான் காயும்.