மூன்று காய்கள்

தைப்பிங்கில் பிற்பகல் மழையைக் கண்டு யாரும் வியப்பதில்லை. வெளியூர்க்காரர்கள்தாம் ஓடி ஒதுங்குவார்கள். அந்த இளைஞனும் அப்படித்தான் தேநீர்க் கடைக்குள் ஓடி வந்தான். மோட்டார் சைக்கிளில் பொட்டலங்களைக் கொண்டு சேர்ப்பது அவன் வேலை. கடைசிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்ப வேண்டும்.

கடையில் எல்லா மேசைகளும் நிறைந்திருந்தன. சுவரோரம் ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

"தாத்தா, உட்காரலாமா?"

முதியவர் அவனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

பலகையில் மூன்றே காய்கள். இளைஞன் பக்கம் இரண்டாம் வரிசையில் ஒரு வெள்ளைச் சிப்பாய். அதற்கு நேர் முன்னால், ஒரு கட்டம் விட்டு, நான்காம் வரிசையில் வெள்ளை ராஜா. அதற்கும் முன்னால், இன்னொரு கட்டம் விட்டு, கறுப்பு ராஜா.

"ஆடத் தெரியுமா, தம்பி?"

"பள்ளியில் காய் நகர்த்தப் பழகினேன் தாத்தா. அவ்வளவுதான்."

"போதும். உன்னிடம் ஒரு சிப்பாய் அதிகம். அது எட்டாம் வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும். உன் முறைதான், ஆடு."

இளைஞன் மழையைப் பார்த்தான். தே தாரிக் வரும்வரை ஆடலாம் என்று ராஜாவை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தினான். முதியவர் தம் ராஜாவையும் அதே பக்கம் நகர்த்தி நேர் எதிரே நிறுத்தினார். ஒரு கட்டம் இடைவெளியில் இரண்டு ராஜாக்களும் மறுபடி முறைத்துக்கொண்டன. பொறுமை இழந்த இளைஞன் சிப்பாயை ஒரேயடியாக இரண்டு கட்டம் தள்ளினான். அதன்பிறகு வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் சிப்பாயையே தள்ளினான். கறுப்பு ராஜா அதன் வழியிலேயே நின்று பின்வாங்கியது. சிப்பாய் ஏழாம் வரிசைக்கு வந்தது. கறுப்பு ராஜா அதற்கு முன்னால் கடைசி வரிசையில் நின்றது. இளைஞன் தன் ராஜாவைச் சிப்பாய்க்குப் பின்னால் காவலாக நிறுத்தினான்.

"வென்றுவிட்டேன், இல்லையா?"

"என் ராஜாவுக்குச் செக் இருக்கிறதா?"

"இல்லை."

"அது எங்கே நகரலாம்? காட்டு."

இளைஞன் கட்டம் கட்டமாக விரலை வைத்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்த இரண்டு கட்டங்களையும் சிப்பாய் காத்தது. மற்றவற்றை வெள்ளை ராஜா காத்தது.

"நகரவே இடமில்லை."

"செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் சமன். உன் சிப்பாய் ராஜாவை முந்திக்கொண்டு ஓடிவிட்டது."

முதியவர் மூன்று காய்களையும் பழைய இடத்தில் வைத்தார். அவர் எந்தக் கட்டத்தையும் தேடவில்லை. விரல்களுக்கே இடம் தெரிந்திருந்தது.

"இரண்டு ராஜாக்களும் எதிரெதிரே நிற்கும்போது, முதலில் நகர வேண்டியவன்தான் வழிவிட வேண்டும். இப்போது முறை யாருடையது?"

"என்னுடையது. அப்படியென்றால் நான்தானே வழிவிட வேண்டும்?"

"ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும் என்று யார் சொன்னார்கள்?"

தே தாரிக் வந்தது. இளைஞன் அதைத் தொடவில்லை. வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிப்பாயை ஒரே ஒரு கட்டம், ராஜாவின் முதுகுக்குப் பின்னால், நகர்த்தினான்.

முதியவர் உடனே ஆடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தம் ராஜாவை இடப்பக்கம் ஒதுக்கினார். இளைஞன் தன் ராஜாவை வலப்பக்கமாக முன்னேற்றினான். இம்முறை ராஜா முன்னே சென்றது. தேவைப்பட்டபோது மட்டும் சிப்பாய் பின்னே வந்தது. கடைசியில் சிப்பாய் ஐந்தாம் வரிசையிலும் வெள்ளை ராஜா அதன் முன்னால் ஆறாம் வரிசையிலும் நின்றன. எதிரே, பலகையின் ஓரத்தில், கறுப்பு ராஜா. முறை முதியவருடையது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். வெள்ளை ராஜா வலப்பக்கமாக ஏழாம் வரிசைக்கு ஏறியது. சிப்பாய்க்கு மிச்சமிருந்த மூன்று கட்டங்களும் இப்போது அதன் காவலில் இருந்தன.

முதியவர் தம் ராஜாவைப் பலகையில் மெதுவாகச் சாய்த்தார்.

"பாவிப் பயல், கண்டுபிடித்திருப்பான்" என்று முணுமுணுத்தார்.

இளைஞனுக்குப் புரியவில்லை. காசு கொடுக்கப் போனபோது கடைக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருடைய கூட்டாளியின் நாற்காலி, தம்பி அது. முப்பது வருடம் இங்கேதான் ஆடினார்கள். நாளைக்கு யோசித்து ஆடுகிறேன் என்று எழுந்து போனவர், மறுநாள் வரவில்லை. எட்டு மாதமாக அந்தக் காய்களை யாரையும் தொட விடவில்லை. தினமும் துடைத்து அதே இடத்தில் வைப்பார்."

மழை நின்றிருந்தது. இளைஞன் திரும்பிப் பார்த்தான். முதியவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து, மற்றக் காய்களை ஒவ்வொன்றாகப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தார். தம் பக்கம் முடிந்ததும் எதிர்ப் பக்கத்தையும் அடுக்கினார்.

இளைஞன் தலைக்கவசத்தை மறுபடி நாற்காலியின் அடியில் வைத்தான்.

"தாத்தா, குதிரை எப்படிப் போகும்? மறந்துவிட்டது."