அசையாதவை

காட்டில் மரத்தோடு கட்டிவைக்கும் கேமரா எதையும் பார்த்துப் படம் எடுப்பதில்லை. அதன் முன்பக்கத்தில் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஏதோ ஒன்று முன்னால் நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும், அடுத்தடுத்து மூன்று படங்கள் எடுக்கும், மறுபடி அடங்கிவிடும். அந்த ஏதோ ஒன்று புலியாக இருக்கலாம். வெயிலில் சூடேறி, காற்றில் ஆடுகிற ஓர் இலையாகவும் இருக்கலாம். உணரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தோழி ஒருத்தி, பஹாங் காடு ஒன்றில் இப்படிக் கேமராக்கள் கட்டி முதுகலை ஆய்வு செய்கிறாள். வன்தட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பதாயிரம் படம்டா. முக்கால்வாசி வெறும் இலை. ஒன்னொன்னா பாத்தா கண்ணு போயிரும் லா."

நான் வேலை செய்வது பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அங்கே குறையில்லாத ஒரு சர்க்யூட் பலகையின் படத்தை வைத்துக்கொண்டு, வரிசையில் வரும் ஒவ்வொரு பலகையின் படத்தையும் அதிலிருந்து கழிப்போம். மிச்சம் இருப்பது குறை. அவள் படங்களுக்கும் அதே கழித்தல் போதும் என்று தோன்றியது. ஆனால் காட்டில் 'குறையில்லாத பலகை' என்று ஒன்று கிடையாது. மேகம் விலகினால் எல்லாப் பிக்சலும் மாறிவிடுகிறது. அதனால் ஒரு படத்தை அதே மூன்று படத் தொகுப்பில் இருக்கும் இன்னொரு படத்தோடு மட்டும் ஒப்பிடுவது என்று முடிவு செய்தோம். சில நொடிகளுக்குள் வெளிச்சம் அவ்வளவாக மாறாது.

முதல் வேலை, படத்தின் அடிப்பட்டையை வெட்டி எறிவது. நேரம், வெப்பநிலை எல்லாம் அச்சாகும் இடம் அது. நொடி எண் மாறுவதையே கணினி அசைவு என்று எடுத்துக்கொள்ளும். பிறகு படத்தை 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, கழிக்க வேண்டும்.

```python
a = cv2.GaussianBlur(g1, (5, 5), 0)
b = cv2.GaussianBlur(g2, (5, 5), 0)
d = cv2.absdiff(a, b)
_, m = cv2.threshold(d, 25, 255, cv2.THRESH_BINARY)
n, _, st, _ = cv2.connectedComponentsWithStats(m)
big = st[1:, cv2.CC_STAT_AREA].max() if n > 1 else 0
```

ஒரு பிக்சலின் வெளிச்சம் 0 முதல் 255 வரை. வித்தியாசம் 25ஐத் தாண்டினால் அந்தப் பிக்சல் 'மாறியது' என்று கணக்கு. கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். மாறிய பிக்சல்கள் மொத்தம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் திட்டுகளில் ஆகப் பெரியது எவ்வளவு என்று பார்க்கிறேன். காற்றடித்தால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழும். விலங்கு வந்தால் ஒரே இடத்தில் ஒரு பெரிய திட்டு விழும்.

தாப்பிர் வரும்போதுதான் இந்தக் கழித்தலின் குணம் புரிகிறது. முன்னுடல் கருப்பு, நடுவில் சேணம் போர்த்தியதுபோல் வெள்ளை, பின்னங்கால் மறுபடி கருப்பு. அது ஓரடி நகர்ந்தால், கழித்த படத்தில் முழுத் தாப்பிர் தெரியாது. கருப்பு இருந்த இடத்தில் மீண்டும் கருப்பே வந்தால் வித்தியாசம் பூஜ்யம். கருப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரங்களும் உடலின் விளிம்பும் மட்டும் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரியும். தாப்பிருக்கு அந்தச் சேணம் இருக்கிறது, தப்பித்துக்கொள்ளும். தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகளோ பெரும்பாலும் கருஞ்சிறுத்தைகள். நிழல் விழுந்த காட்டில் கருப்பு உடல் மெதுவாக நகர்ந்தால் கழிப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை.

இன்னும் மோசமானது, அசையாமல் நிற்பது. சருகுமான் ஆபத்தென்று நினைத்தால் அப்படியே உறைந்துவிடும். மூன்று படத்திலும் அதே இடம், அதே நிலை. கழித்தால் மான் மறைந்துவிடும். கணினி 'காலி' என்று சொல்லும்போது உண்மையில் சொல்வது 'மாறவில்லை' என்பதை மட்டும்தான்.

இதற்காக இரண்டாவது ஒப்பீடு ஒன்றையும் சேர்த்தோம். ஒரே கேமராவின் 21 இரவுகளிலிருந்து இரவுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் 21 மதிப்புகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்து ஒரு புதுப் படம் செய்ய வேண்டும். அதில் விலங்கு இருக்காது, வெறும் பாதைதான் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் உறைந்து நின்ற மானும் திட்டாக எழும். இரவில் இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் வெளிச்சம் கேமராவின் அகச்சிவப்பு விளக்கிலிருந்து மட்டுமே வருகிறது. பகலில் இலைநிழல் மணிக்கு மணி இடம் மாறுவதால் அவ்வளவு நம்ப முடியாது. குரங்கு கேமராவைத் திருப்பிவிட்டாலும் காரியம் கெட்டது. ஒரு தேதிக்குப் பிறகு எல்லாப் படத்துக்கும் அசைவுக்குறி விழ ஆரம்பித்தால், கேமரா திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தேதியிலிருந்து வெறும் பாதைப் படத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது ஒதுக்கி வைப்பது. அழிக்கவில்லை, `_kosong` என்ற கோப்புறைக்கு நகர்த்தினோம். மூன்று படத்தில் ஒன்றுக்குக் குறி விழுந்தாலும் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் படம் காலியாக இருந்து, மூன்றாவதில் வால்நுனி மட்டும் தெரிவது சகஜம். கேமராவின் பெயரிலேயே உள்கோப்புறையும் போட வேண்டும். எல்லாக் கேமராவிலும் ஒரு `IMG_0001.JPG` இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டால் போனது போனதுதான்.

சுமார் 13,000 தொகுப்புகளில் 9,000 ஒதுங்கின. அவளுக்குச் சந்தோஷம். நான் ஒதுக்கியதிலிருந்து குலுக்கல் முறையில் 300 தொகுப்புகளை எடுத்து, கண்ணால் பார்க்கச் சொன்னேன். தொழிற்சாலையில் தேறிய பலகைகளிலும் இப்படித்தான் சிலதை எடுத்துப் பார்ப்போம். 300இல் ஒன்றுமே இல்லாவிட்டால்கூட, நூற்றுக்கு ஒன்று வரை ஒளிந்திருக்க வாய்ப்புண்டு என்கிறது கணக்கு. 9,000இல் அது 90.

அவள் பார்த்ததில் இரண்டு தொகுப்புகளில் விலங்கு இருந்தது. இரண்டுமே சருகுமான், இரண்டுமே பகல், இரண்டுமே தூரத்தில், பழுப்பு இலைக்குள் பழுப்பாக. அந்த விகிதத்தில் போனால் ஒதுக்கியதில் மொத்தம் 60 இருக்கும். இருநூறைத் தொடவும் கூடும்.

"அறுபதுதானே, பரவால்ல" என்றேன்.

"அறுபது எதுன்னு பாரு. தாப்பிர் ஒன்னும் போகல, பன்னி ஒன்னும் போகல. போறது எல்லாம் சருகுமான். நான் இப்படியே எழுதினா, இந்தக் காட்ல சருகுமான் கம்மின்னு ஆயிரும்."

அவள் சொன்னது சரி. எந்த இயந்திரமும் சிலதைத் தவறவிடும். எல்லா விலங்கையும் ஒரே அளவில் தவறவிட்டால் கணக்கில் ஈடுகட்டிவிடலாம். இந்தக் கழித்தலோ சின்னதை, மங்கலானதை, அசையாததைத் தேர்ந்தெடுத்துத் தவறவிடுகிறது. திட்டின் அளவு வரம்பைக் குறைத்துப் பார்த்தோம். மான் வந்தது, கூடவே இலைகளும் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன.

கடைசியில் அவள்தான் முடிவு செய்தாள். பெரிய விலங்குகளுக்கு என் கழித்தலையே வைத்துக்கொள்வது. சருகுமானுக்கு, தாழ்வாகக் கட்டிய நான்கு கேமராக்களின் படங்களை மட்டும் ஒன்றுவிடாமல் கண்ணால் பார்ப்பது, மற்றக் கேமராக்களை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. ஆய்வேட்டில் இரண்டு முறைகளும் தனித்தனியாக எழுதப்படும், அந்த 300க்கு இரண்டும் சேர்த்து. நான்கு கேமராவின் 2,000 தொகுப்புகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் ஐம்பது பார்க்கிறேன். இதுவரை ஏழு மான்.