பேசாத தட்டு

காலை 8:10க்கு அப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் வெண்பொங்கல், ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. கூடவே ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு போனில் டைப் அடிப்பது எரிச்சலான வேலை. அம்மா அக்கா வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

எங்கள் வேலையில் இது தினமும் நடக்கிறது. யாராவது ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விடுவார்கள். என்ன பிரச்சினை என்று நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

'இது என்ன?' என்று கேட்கிறாரா? இருக்காது. அரிசி உப்புமா என்றால் குருணை உதிரியாக நிற்கும். இதில் அரிசியும் பருப்பும் குழைந்து ஒன்றாகியிருந்தன. சந்தேகமே இல்லாத பொங்கல். 'எப்படிச் செய்வது?' என்பதும் இல்லை, ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார். 'சரியா வந்திருக்கா?' என்று கேட்டிருக்கலாம். பொங்கல் கெட்டியாகி, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் நாலு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். அப்படி வைத்தாலும் ஆற ஆறப் பொங்கல் இறுகும். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் நாலாவதுதான் கேள்வி என்று முடிவு கட்டினேன்: இதில் எவ்வளவு கலோரி? தட்டில் முக்கால்வாசி பொங்கல், மேலே நெய் மினுமினுப்பு. மனக்கணக்குப் போட்டு, "650 இருக்கும்பா. பாதி சாப்பிடுங்க" என்று அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. நானும் மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

11 மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது." மெஷினில் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அக்கா பதறவில்லை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். 94.

அன்று மத்தியானம் அந்தப் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். மேல் மூலையில் பாதி வெட்டுப்பட்ட நிலையில் இன்சுலின் பேனாவின் மூடி இருந்தது. அப்பா ஊசி போட்டுவிட்டார். அரை மணிக்குள் வழக்கமான அளவு சாப்பிட்டாக வேண்டும். பொங்கலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

சாயங்காலம் போனில் கேட்டேன். "என்னத்துக்குப்பா அந்தப் போட்டோ?"

"தினமும் நாலு இட்லி. அம்மா எண்ணி வைப்பா. பொங்கலை எப்படிடா எண்றது? இது நாலு இட்லிக்குச் சமமான்னு கேட்டேன்."

"எங்கப்பா கேட்டீங்க?"

"அதான் போட்டோ அனுப்பினேனே!"

அவர் கேட்டது கலோரியே இல்லை, மாவுச்சத்து. ஊசி மருந்தின் அளவு அதற்குத்தான் பொருந்த வேண்டும். நெய் கலோரியை ஏற்றும், ஆனால் அதில் மாவுச்சத்து கிடையாது. கலோரிக் கணக்கிலும் நான் தப்பு. சாப்பாட்டுத் தட்டு என்று நினைத்து 9 அங்குலம் வைத்துக்கொண்டேன். அது 7 அங்குல டிபன் தட்டு. அகலத்தில் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம், பரப்பளவில் அது நாற்பது சதவீதம்.

"எவ்வளவுப்பா போட்டீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். நூறு கிராம் அரிசி, ஐம்பது கிராம் பாசிப்பருப்பு. இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தட்டில் வைத்து, மேலே ஒரு டேபிள்ஸ்பூன் நெய் விட்டிருக்கிறார். அரிசி பருப்புக்கு 260, நெய்க்கு 120, ஆக 380 கலோரி. மாவுச்சத்து 55 கிராம். நாலு இட்லியில் சுமார் 40 இருக்கும். தட்டில் முக்கால் பங்கு சாப்பிட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். நான் பாதி என்றேன், அவரும் பாதியோடு நிறுத்திவிட்டார்.

படத்தில் நெய் எவ்வளவு உருகி உள்ளே போனது என்று தெரியாது, குவியலின் உயரம் தெரியாது, தட்டின் அளவு தெரியாது. குக்கரில் போட்ட அளவு தெரிந்தால் பக்குவமும் கலோரியும் மாவுச்சத்தும் எல்லாமே அதிலிருந்து வந்துவிடும். ஆனால் அதற்கும் முன்னால், "என்னப்பா கேக்கறீங்க?" என்று ஒரு போன் போட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை.

மறுநாள் காலை 8:40க்கு இன்னொரு படம். காலித் தட்டு. இதற்கும் எழுத்து இல்லை. உடனே போன் செய்தேன்.

"என்னப்பா?"

"ஒண்ணும் கேக்கலடா. சாப்ட்டுட்டேன்னு சொன்னேன்."