குதிரைத் தாடைக்கு ஒரு காற்றுவழி

அம்பத்தூரில் உள்ள அந்தப் பட்டறை ஒரே அறைதான். நான் போனபோது மாஸ்டர் 6 செ.மீ. உயர மரச் சதுரங்கக் குதிரை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதை ரெசினில் வார்க்கும் அச்சைப் பற்றி உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெசின் கீழேருந்து மேல ஏறும். காத்து எங்க போய் ஒதுங்கும்னு பாரு, தம்பி."

காற்று ஒதுங்குவது தாடையில். குதிரை நேராக நிற்கும்போது கீழ்நோக்கித் தொங்கும் தாடை, கவிழ்த்ததும் ஒரு சிறு மேடாகிவிடுகிறது. ஊற்றுவாயைப் பீடத்தின் அடியில் வைப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெட்டிய தழும்பைப் பின்னால் ஃபெல்ட் துணி மறைத்துவிடும். ஆனால் தாடைக்குத் தனி வழி வேண்டும். நேர்மேலே போனால் பீடம் குறுக்கே நிற்கிறது. அதனால் 2 மி.மீ. காற்றுவழி முன்பக்கமாகச் சாய்ந்து ஏறி, பீடத்தின் விளிம்பை 3 மி.மீ. தள்ளிச் சுற்றி மேலே போகிறது. வழியில் எங்கும் அது இறங்கக் கூடாது. பீடத்தின் முன்விளிம்பிலும் ஒரு காற்றுவழி உண்டு, ஊற்றுவாய் பின்விளிம்பில்.

இவை எல்லாம் குதிரையை நெடுக்கில் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே அமைகின்றன. அச்சுக்கான சிலிக்கானை ஊற்றும் பெட்டி பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டது. உள்ளளவு 9 × 5.5 × 5.5 செ.மீ.; போல்ட் போட்ட சுவர்களைக் கழற்றலாம். ஊற்றுவாயின் கூம்பு பெட்டிச் சுவரிலேயே அச்சாகியிருப்பதால் குதிரையின் பீடத்தை அதில் ஒட்டினால் போதும், இடம் தவறாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

பெட்டியைப் படுக்கவைத்து, குதிரையைப் பாதி மூழ்கும்வரை களிமண்ணில் பதித்தார்கள். கந்தகம் கலந்த களிமண் ஆகாது. பிளாட்டினம் வகை சிலிக்கான் அதன்மேல் இறுகாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். பேனா மூடியால் களிமண்ணில் நாலு குழிகள் அழுத்தினார் தம்பி. இரு பாதிகளும் பிசகாமல் பொருந்த அவைதான் பூட்டு. ஒரு பாதிக்குச் சுமார் 120 மி.லி. சிலிக்கான். அதை ஒரு மூலையில் நூல்போல ஊற்றினால், தானே பரவிக் காற்றை முன்தள்ளிக்கொண்டு போகும்.

இறுகியபின் களிமண்ணை எடுத்துவிட்டு, தெரியும் சிலிக்கான் முழுவதும் வாசலின் தடவினார் மாஸ்டர். ஓரிடம் விட்டாலும் புதுச் சிலிக்கான் பழையதோடு ஒட்டி, இரண்டும் ஒரே கட்டியாகிவிடும்.

முன்பு வார்த்த குதிரைகள் சில தட்டில் கிடந்தன. ஒன்றில் தாடை நுனி இல்லை. அந்த இடம் வழவழவென்று உருண்ட குழியாக இருந்தது. அது சிக்கிய காற்று, காற்றுவழி இல்லாத பழைய அச்சில் வந்தது. இன்னொன்றின் உடலெங்கும் ஊசித்துளைகள். "இது அச்சோட குத்தமில்ல சார், ஈரம்" என்றார். பாலியூரித்தேன் ரெசினில் ஈரம் பட்டால் நுரைத்துவிடும். வழி எத்தனை வெட்டினாலும் அது தீராது.

புது அச்சை ரப்பர் பேண்டால் கட்டி, முன்பக்கம் சற்று உயரச் சாய்த்து ஊற்றினார்கள். முதலில் தாடை வழியிலும் பிறகு பீடத்து வழியிலும் ரெசின் எட்டிப்பார்த்தது. பிரித்தபோது தாடை முழுதாக இருந்தது. ஆனால் பீடத்துக்கும் காற்றுவழிக்கும் நடுவே நின்ற அந்த 3 மி.மீ. சிலிக்கான் சுவரின் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது. அடுத்த பெட்டிக்கு அந்த இடைவெளியை 5 மி.மீ. ஆக்கச் சொன்னார் மாஸ்டர். தம்பி மடிக்கணினியில் வரைபடத்தைத் திறந்தார்.