கூறைச் சேலையின் வயது

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் ஓடும். தேர் நெருங்கும்போது பழைய பட்டுச் சேலைகள் அலமாரியை விட்டு வெளியே வரும். பழைய சரிகைச் சேலை இருக்கிறதா என்று கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கும் ஆட்களும் வருவார்கள். அவர்கள் சொல்லும் விலை எடைக்குத்தான். சேலையை எரித்து வெள்ளியை எடுப்பவருக்கு நெசவு தேவையில்லை.

நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான முதிய தையற்காரர், கிழிந்த பட்டுச் சேலைகளுக்குக் கரை மாற்றித் தைப்பவர். நான் போன அன்று ரத்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவின் கூறைச் சேலையைக் கொண்டு வந்திருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. ஐம்பதுகளில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்களாம். வாங்க வந்தவரோ சரிகையின் கறுப்பைக் காட்டி, பித்தளைச் சரிகை என்று சொல்லி விலையைக் குறைத்திருக்கிறார்.

"முதல்ல கரையைப் பாருங்க தம்பி," என்றார் முதியவர். கரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் முழுப் பச்சை. உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடியிருந்தால் பச்சைக்குள் அரக்கு மின்னும். இங்கே கரைக்கென்று தனி நாடா ஓடியிருக்கிறது. உடலும் கரையும் சேரும் இடத்தில் இரண்டு ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துத் திரும்புகின்றன. இதுதான் காஞ்சிபுரத்துக் கோர்வை. மூன்று நாடாக்கள் என்பதால் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும்.

அடுத்தது முந்தி. அது தொடங்கும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் தடித்த கோடு ஒன்று இருந்தது. உடலின் பாவு முடியும் இடத்தில் வேறு நிறப் பாவைச் சேர்த்து, இரண்டையும் கொஞ்ச தூரம் ஒன்றாக நெய்த தடம் அது; பெயர் பிட்னி. ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றி நெய்த முந்தியில் இந்தக் கோடு இருக்காது, நிறமும் இரட்டையாகத் தெரியும்.

ஆனால் கோர்வையும் பிட்னியும் காஞ்சிபுரத்தில் இன்றும் உண்டு. அவை நெசவின் தரத்தைச் சொல்லும். வயதைச் சொல்ல சரிகை வேண்டும்.

அசல் சரிகையின் உள்ளே பட்டு இழை. அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் பொன் பூச்சு. முதியவர் கரையின் உட்புறத்தில் பிரிந்து நின்ற ஓர் இழையை ஊசியால் சுரண்டினார். மேலே கருமை, அதன் கீழ் வெண்மை, அதற்கும் உள்ளே சிவப்புப் பட்டு. பொன் தேய்ந்த இடத்தில் வெளிப்படும் வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். செம்புக் கம்பியில் வெள்ளி பூசிய போலிச் சரிகையைச் சுரண்டினால் செம்பு நிறம் தெரியும். ஈரம் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பும் ஏறும். ஆக, வாங்க வந்தவர் காட்டிய கறுப்பு, சேலைக்குச் சாதகமான சாட்சி.

அதே பெண் கொண்டு வந்திருந்த இன்னொரு சேலையின் சரிகை புதிதுபோல மின்னியது. இழையை நெருப்பில் காட்டியதும் உருகிச் சுருண்டது. உலோகம் பூசிய பாலியெஸ்டர். அந்தப் படலமே 1950களில்தான் சந்தைக்கு வந்தது. சேலைச் சரிகையாகப் பரவியது அதற்கும் பிறகு. சேலையோடு சேர்த்து நெய்த ரவிக்கைத் துணியும் அதில் இருந்தது. அதுவும் பிந்திய வழக்கம்.

இலங்கைக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகுதான் வெளிநாட்டுத் துணி தாராளமாக வந்தது. கடையில் எடுத்த சேலை என்றால் இந்த இடைவெளிக்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்பதே நல்ல தொடக்கம். 

அரக்குச் சேலையில் ரவிக்கைத் துணி இல்லை. அகலமும் இன்றைய சேலையைவிடக் குறைவு. கரை பிற்காலத்தில் ஒட்டித் தைத்ததா என்று முதியவர் புரட்டிப் பார்த்தார், தையல் இல்லை. அவர் தொழிலே அது என்பதால் அதில் அவரை ஏமாற்ற முடியாது. "எழுபதுக்கு முந்தியது. வருஷம் கேட்டா அம்மாவோட கல்யாணப் படத்தைத்தான் பார்க்கணும்," என்றார். நெசவும் சரிகையும் ஒரு காலகட்டத்தைக் காட்டும். ஆண்டைக் காட்ட ரசீதோ புகைப்படமோ வேண்டும்.

எடைக்கு விற்க நினைப்பவர்கள் அதற்கு முன் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்புக்குக் கீழே வெண்மை தெரிந்தால், பித்தளை என்று சொன்னவரிடம் அந்தச் சேலையைக் கொடுக்காதீர்கள்.