என்ர கால் எங்க?

போன வருசம் எங்கட பீடத்து அக்கா ஒருவரின் பரதநாட்டிய நிகழ்வை வீடியோ எடுத்துக் குடுத்தம். பாத்து முடிச்சிட்டு அவ கேட்டது ஒண்டுதான்: "பிள்ளையள், என்ர கால் எங்க?" வர்ணத்தில் தீர்மானம் ஆடேக்க நாங்கள் முகத்தை சூம் பண்ணி வைச்சிருந்தம். சலங்கை கேக்குது, காலைக் காணேல்லை.

இந்த முறை ஒரு கமராவை மண்டபத்தின் நடுவில், மேடையில் நிற்பவரின் இடுப்பு உயரத்துக்கு முக்காலியில் வைச்சு, கடைசிவரை அசைக்கவேயில்லை. தலைக்கு மேல தூக்கின கையும் பாதத்துக்கு முன்னால் கொஞ்சம் தரையும் உள்ளுக்க இருக்கவேணும். மற்ற கமரா சபையின் வலப்பக்கம். அங்கயிருந்து அரைமண்டியின் ஆழமும் பின்னால் நட்டுவாங்கம் செய்யிறவரும் சேர்ந்து தெரியும். அபிநயத்துக்கு மட்டும் கிட்டப் போனம், அதுவும் முத்திரை வெட்டுப்படாமல். எடிட் பண்ணேக்க ஜதியின் நடுவில் கோணம் மாத்தவில்லை; தீர்மானம் முடிஞ்ச பிறகுதான்.

மேடைக்குக் கீழ இருந்து அண்ணாந்து எடுக்கிறதை விட்டிட்டம். அரைமண்டியில் இருக்கிற ஒருவரை அப்பிடி எடுக்கிறது சரியில்லை எண்டு ஒத்திகையிலயே அக்கா சொன்னவ. (முதல்முறையே கேட்டிருக்கலாம்.)

பதிவேற்ற முதல் அவவுக்குக் காட்டினம். தலைப்பூ விழுந்த இடத்தை அப்பிடியே விடச் சொன்னா. தில்லானா முடிஞ்சு மூச்சு வாங்கின குளோசப்பை மட்டும் எடுக்கச் சொன்னா. எங்களுக்கு அது நல்லாப் பிடிச்ச ஷொட். எடுத்திட்டம்.