கோபுரத்துக்குச் சிவப்புக் கரை



நேற்று நான் போட்ட சங்கரநாராயணர் கோவில் கோபுரப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், போன் கெட்டுப் போச்சா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. வேண்டுமென்றே கெடுத்தது. இதற்கு கிளிட்ச் ஆர்ட் என்று பெயர்.

கலர் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதுதான். கம்ப்யூட்டரில் GIMP என்ற இலவச மென்பொருளில் Colors > Components > Decompose கொடுத்து RGB என்று தேர்ந்தால் மூன்றும் கறுப்பு வெள்ளை அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். red அடுக்கை மட்டும் தொட்டு, Layer > Transform > Offset போய், X என்ற இடத்தில் 12 கொடுத்தேன். அது 12 புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது. பிறகு Recompose. அவ்வளவுதான்.

மேகம் மூடிய வெள்ளை வானம், முன்னால் இருண்ட கோபுரம். சிவப்பு நகர்ந்ததும் கோபுரத்தின் இடது ஓரத்தில் வானத்தின் சிவப்பு உள்ளே புகுந்து செங்கரை ஆகிவிட்டது. வலது ஓரத்தில் வானம் தன் சிவப்பை இழந்து நீலப்பச்சையாக நின்றது. வெறும் வானத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பது நிலைகளைப் பிரிக்கும் கிடைக்கோடுகளிலும் கரை விழவில்லை. பக்கவாட்டில் நகர்த்தினால் செங்குத்து ஓரம்தான் சிக்கும். நீல வானமாக இருந்தால் அதில் சிவப்பே குறைவு. கரையும் சோகையாகத்தான் வரும்.

நடுவில் கோபுரம் பட்டை பட்டையாக விலகி நிற்கிறதே, அது Filters > Map > Displace. படத்தின் அதே அளவில் நடுச்சாம்பல் நிறத்தில் இன்னொரு படம் செய்து, அதில் குறுக்கே நாலைந்து வெளிர்ப் பட்டைகள் போட்டு, அதை வரைபடமாகக் கொடுக்க வேண்டும். நடுச்சாம்பல் உள்ள இடம் அசையாது. வெளிர் ஒரு பக்கமும் கருமை எதிர்ப்பக்கமும் தள்ளும். பட்டையே இல்லாத இடமும் நகர்ந்தால் உங்கள் சாம்பல் நடுவில் இல்லை என்று அர்த்தம். கோபுரத்தடியில் நின்ற சொந்தங்களின் முகத்தில் மட்டும் நான் பட்டை போடவில்லை. மனசு வரவில்லை.

முடித்ததை PNG ஆக வைத்துக்கொள்ளுங்கள். JPEG நிற விவரத்தைச் சுருக்கும். மெல்லிய கரை குழம்பிவிடும்.

சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டிய பழைய மாணவன் ஒருவன் படத்தைப் பார்த்ததும் போன் செய்தான். "சார், சயான் பிளேட் வலது பக்கம் ஓடியிருக்கு" என்றான். சரியாகச் சொன்னான். சிவப்பு ஒளியைத் தடுக்கும் மை அதுதானே! காலண்டரில் இந்தக் கரையில் நூலளவு தெரிந்தாலும் தாள் கழிவுக்குப் போகும், கூலியிலும் பிடிப்பார்களாம். "நாங்க வராம இருக்க உயிரைக் கொடுத்தோம், நீங்க வரவழைக்கிறீங்க" என்று சொன்னபோது அவன் குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

மஞ்சள் பிளேட்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னான். அதற்கு இணை நீல அடுக்கு. அதே 12 கொடுத்தேன். ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெள்ளையில் மஞ்சள். இரண்டும் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. "மஞ்சள் ஓடினா சூப்பர்வைசருக்கே தெரியாது சார்" என்றான்.